சரிவு வரைபடம்

எனக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். அதில் பாடம் நடத்தியது பன்னிரண்டு வருடம். மீதிப் பத்து வருடமும் பாடம் நடத்துகிறவர்களைப் பற்றி அறிக்கை எழுதினேன். ஆசிரியர் பயிற்றுநர் என்பது பதவியின் பெயர். யாருக்கு என்ன பயிற்சி கொடுத்தேன் என்று கேட்டால் முழிப்பேன். தர்மபுரி மாவட்டத்தில் ஒரு வட்டார வள மையத்தில் எனக்கு ஒரு மேசையும், கால் ஆடும் நாற்காலி ஒன்றும், காலையில் எழுந்திருக்க என்னைப் போலவே மனமில்லாத ஒரு கம்ப்யூட்டரும் உண்டு. எந்த வட்டாரம் என்று சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குத் தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

நான் வரைந்த ஒரு கோட்டால் ஒரு தலைமையாசிரியைக்கும், அவர் வீடு வீடாகப் போய்ப் பள்ளிக்குக் கூட்டிவந்த ஒன்பது பிள்ளைகளுக்கும் என்ன ஆனது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கெட்ட எண்ணத்தில் வரைந்த கோடு இல்லை. அசதியில் வரைந்தது. அசதியில் செய்ததற்கு மன்னிப்பு உண்டா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை.

என் பொறுப்பில் பதினான்கு தொடக்கப் பள்ளிகள். ஜூலையில் ஒரு முறை, பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு முறை, மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளிடம் ஒரு அட்டையைக் கொடுத்து அதில் இருக்கும் சின்னப் பத்தியை வாசிக்கச் சொல்ல வேண்டும். தடுமாறாமல் வாசித்தால் ஒரு டிக். அன்றைக்கு வாசிக்க வந்தவர்களில் எத்தனை பேருக்கு டிக் விழுந்தது என்பதை நூற்றுக்கு இத்தனை என்று மாற்றினால், அதுதான் அந்தப் பள்ளியின் எண். ஒரு பள்ளிக்கு இரண்டு எண். ஜூலைக்கு ஒன்று, பிப்ரவரிக்கு ஒன்று.

முன்பெல்லாம் இதை அட்டவணையாக அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். யாரும் படிக்க மாட்டார்கள் என்பதால் யாருக்கும் தொந்தரவில்லை. அந்த வருடம்தான் மாவட்டத் தலைநகரில் இரண்டு நாள் பயிற்சி வைத்து ஸ்லோப் சார்ட் என்று ஒன்றைக் கற்றுக்கொடுத்தார்கள். சுலபமான படம்தான். இரண்டு செங்குத்துக் கோடுகள். இடது கோடு ஜூலை, வலது கோடு பிப்ரவரி. ஒரு பள்ளியின் ஜூலை எண் இடது பக்கம் எந்த உயரத்தில் வருகிறதோ அங்கே ஒரு புள்ளி, பிப்ரவரி எண்ணுக்கு வலது பக்கம் ஒரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் ஒரு பள்ளிக்கு ஒரு கோடு. கோடு ஏறினால் பள்ளி முன்னேறியிருக்கிறது, இறங்கினால் பின்தங்கியிருக்கிறது. பதினான்கு பள்ளியும் ஒரே பார்வையில் தெரியும். நல்ல படம் என்றுதான் நானும் நினைத்தேன். இப்போதும் படத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை.

முதலில் நான் வரைந்தபோது பூஜ்யத்திலிருந்து நூறு வரை அளவு வைத்தேன். கோடுகள் எல்லாம் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு, கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் கிடந்தன. இரண்டு பள்ளிக்கு ஒரே எண் வந்ததால் பெயர் மேல் பெயர் ஏறி எதையும் படிக்க முடியவில்லை. எங்கள் வட்டார அதிகாரியிடம் காட்டினேன். நல்ல மனிதர், மூன்று வேளையும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார்.

"என்னங்க மேடம் இது, எல்லாம் ஒன்னு மேல ஒன்னு கெடக்குது? ஏறுனது எது, எறங்குனது எதுன்னு பளிச்சுனு தெரிய வேணாங்களா?"

பளிச்சென்று தெரியவைப்பது கஷ்டமில்லை. அளவை நாற்பத்தைந்தில் தொடங்கி எண்பதில் முடித்தேன். கோடுகள் விரிந்துகொண்டன. ஏறுவது செங்குத்தாக ஏறியது, இறங்குவது தலைகீழாக இறங்கியது. ஏறிய கோட்டுக்குப் பச்சை, இறங்கிய கோட்டுக்குச் சிவப்பு கொடுத்தேன். பதினொன்று பச்சை, மூன்று சிவப்பு. மூன்றில் இரண்டு ஏதோ இரண்டு மூன்று புள்ளி குறைந்தவை. ஒன்று மட்டும் அறுபத்தேழிலிருந்து ஐம்பத்திரண்டுக்கு விழுந்திருந்தது. பதினைந்து புள்ளிதான். ஆனால் நான் வெட்டிவைத்த அளவில் அது படத்தின் பாதி உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, மேலிருந்து கீழே ஒரே இறக்கமாக இறங்கியது. மற்ற எந்தக் கோட்டையும் பார்ப்பதற்கு முன் கண் அதில்தான் போய் நின்றது.

கடைசியில் தலைப்பு. அறிக்கைகள் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை உண்டு. ஸ்லோப் என்றால் சரிவு. யோசிக்கவே இல்லை, 'வாசிப்புத் திறன்: சரிவு வரைபடம்' என்று அடித்துவிட்டு, அரூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

கூட்டத்துக்குப் பதினான்கு தலைமையாசிரியர்களும் வந்திருந்தார்கள். சுவரில் படம் விழுந்தது. நான் மவுஸைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கோடாகக் காட்டினேன். பச்சைக் கோட்டுக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்தச் சிவப்புக் கோடு வந்ததும், கடைசி வரிசையில் இருந்த தலைமையாசிரியை, அவராகவே எழுந்து நின்றார். மலையடிவாரத்தில் ஈராசிரியர் பள்ளி அவருடையது. ஐந்து வகுப்புக்கு அவரும் இன்னொரு டீச்சரும் மட்டும்தான்.

"என்னம்மா ஆச்சு உங்க ஸ்கூலுக்கு?" என்றார் அதிகாரி.

"புதுசா புள்ளைங்க சேந்துருக்காங்க சார்."

"எல்லா ஸ்கூல்லயுந்தான் சேர்றாங்க. அவங்க கோடெல்லாம் எறங்கலைங்களே."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டீ வந்துவிட்டது. டீ வந்துவிட்டால் எங்கள் கூட்டங்களில் பேச்சு எதுவாக இருந்தாலும் அறுந்துவிடும். அவர் டம்ளரை வாங்கிக்கொள்ளாமலே உட்கார்ந்தார். எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள், எப்போது சேர்ந்தார்கள் என்று அந்த இடத்தில் நான் கேட்டிருக்கலாம். எண்கள் என் மேசையில்தான் இருந்தன. இன்னும் நான்கு பள்ளிகள் பாக்கி, பஸ் போய்விட்டால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான் என்ற கணக்கு எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நான் அடுத்த கோட்டுக்கு மவுஸை நகர்த்தினேன்.

கூட்டம் முடிந்து வெளியே போகும்போது அதிகாரி எழுத்தரைக் கூப்பிட்டு, "அந்தச் சரிவுல இருக்குற ஸ்கூலுக்கெல்லாம் விளக்கம் கேட்டு ஒரு லெட்டர் போட்டுருங்க" என்றார். எழுத்தர் கூட்டத்தில் இல்லாதவர். படத்தைத் திறந்தார். தலைப்பில் சரிவு என்று இருந்தது. கீழே பதினான்கு பள்ளிகளின் பெயர் இருந்தது. பதினான்கு பள்ளிக்கும் கடிதம் போனது. 'சரிவு வரைபடத்தில் தங்கள் பள்ளி இடம்பெற்றுள்ளதால், சரிவுக்கான காரணத்தை மூன்று நாட்களுக்குள் எழுத்துபூர்வமாகத் தெரிவிக்குமாறு' என்று.

அடுத்த நாள் என் போன் சூடு தாங்காமல் கொதித்தது. எல்லாரையும்விட அதிகமாக ஏறிய பள்ளியின் தலைமையாசிரியர் தொண்டை கட்டும்வரை கத்தினார். "மேடம், எம்பது வந்ததுக்கு விளக்கம் கேக்குறீங்களே, தொண்ணூறு வந்தா சஸ்பெண்டுங்களா?" நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். மதியத்துக்குள் மாவட்டம் முழுக்க விஷயம் பரவிவிட்டது. பொம்மிடி ரயிலில் போகிற வாத்தியார்கள் கூட்டமே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததாம். சரிவு மேடம் என்று எனக்குப் பட்டப்பெயரும் விழுந்தது, இன்றுவரை அது போகவில்லை.

பதினோரு கடிதங்களைத் திரும்பப் பெற்றோம். இரண்டு மூன்று புள்ளி இறங்கிய இரண்டு பள்ளிகளும் வந்து முனகியதில், போனால் போகிறது என்று அவற்றையும் விட்டாயிற்று. மீதி இருந்தது ஒன்று. பதின்மூன்று கடிதம் தப்பு என்று ஆனபிறகு, மிஞ்சிய அந்த ஒன்று ரொம்பச் சரியானது போல ஆகிவிட்டது. அதைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் சிரித்து முடித்திருந்தோம்.

அந்தத் தலைமையாசிரியை மூன்றாம் நாள் நேரில் வந்தார். கையில் வருகைப் பதிவேடு. என் எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, பதிவேட்டைப் பிரித்து, விரலை வைத்துக் காட்டினார்.

"ஜூலைல மூணாப்பு, நாலாப்பு, அஞ்சாப்பு மூணுத்துலயும் சேத்துப் பன்னெண்டு பேருங்க மேடம். எட்டுப் பேரு வாசிச்சாங்க. பிப்ரவரில இருவத்தியோரு பேரு. பதினொன்னு வாசிச்சாங்க."

"நடுவுல ஒன்பது பேரு எங்கிருந்துங்க வந்தாங்க?"

"தீவாளிக்கு ஊருக்கு வந்தாங்க. அப்பா அம்மா பெங்களூருல கட்டட வேலைங்க. அங்க ஷெட்டுல கெடந்த புள்ளைங்க. நாந்தான் வூடு வூடாப் போயி, இங்கயே வுட்டுட்டுப் போங்கன்னு கெஞ்சி நிறுத்துனேன். அதுல ஒரு புள்ளைக்கி 'அ' கூடத் தெரியாதுங்க. இன்னொன்னு கன்னடத்துல எண்ணும், தமிழ்ல எண்ணத் தெரியாது."

நான் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெயர் பெயராக. ஜூலையில் வாசிக்க வந்த அதே பன்னிரண்டு பேரில் பிப்ரவரியில் பத்துப் பேர் வாசித்திருந்தார்கள். புதிதாக வந்த ஒன்பது பேரில் ஒரு பிள்ளை வாசித்திருந்தது. பத்தும் ஒன்றும் பதினொன்று. அந்தப் பன்னிரண்டு பேருக்கு மட்டும் கோடு போட்டால் அறுபத்தேழிலிருந்து எண்பத்துமூன்றுக்கு ஏறும். என் படத்தில் அதற்கு இடமே இல்லை. நான் எண்பதோடு நிறுத்தியிருந்தேன்.

ஸ்லோப் சார்ட்டில் இரண்டு முனையிலும் ஒரே ஆட்கள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன் பின் என்ற பேச்சே இல்லை. இடது புள்ளி ஒரு கூட்டம், வலது புள்ளி வேறொரு கூட்டம், நடுவில் நான் இழுத்த கோடு வெறும் மை. பயிற்சியில் இதைச் சொன்னார்களா என்று குறிப்பு நோட்டைப் புரட்டினேன். சொல்லியிருந்தார்கள். என் கையெழுத்திலேயே இருந்தது. எனக்கு என் மேல் வந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. அந்த நாற்காலியை ஓர் உதை உதைத்தேன்.

அவர் எதிரிலேயே புதுப் படம் வரைந்தேன். பூஜ்யம் முதல் நூறு வரை அளவு. ஒவ்வொரு பள்ளிப் பெயருக்கும் பக்கத்தில் இரண்டு முனையிலும் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை. இரண்டு முறையும் வாசிக்க வந்தவர்களுக்கு மட்டும் கோடு. இடையில் சேர்ந்தவர்களுக்கு வலது பக்கம் கோடில்லாத ஒரு தனிப் புள்ளி. அவர் பள்ளியின் கோடு பதினான்கில் மூன்றாவதாக ஏறியது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதக் காட்டுனா போதும் மேடம்" என்றார். முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்திருந்தது.

படத்தை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். புரிந்தும் கொண்டார், அதுதான் வேதனை.

"நீங்க சொல்றது நெசந்தாங்க மேடம். ஆனா பழைய படம் மேல போயிருச்சு. இப்ப மாத்தி அனுப்புனா, மொதல்ல பதினாலு லெட்டரு, இப்ப ரெண்டு படமான்னு கேப்பாங்க. ஏற்கெனவே நம்மளப் பாத்துச் சிரிக்கறாங்க. அந்தம்மாவ ஒரு பதில் எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, ஃபைல மூடிருவோம். அடுத்த வருசம் சரியாப் போட்டுக்கலாம்."

நான் சண்டை போட்டிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ உப்புப் பெறாத விஷயத்துக்கு இதே அறையில் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அன்றைக்கு மணி நாலரை. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து வண்டிகள் நிற்பதாக யாரோ சொன்னார்கள், சேலத்திலிருந்து வரும் பஸ் எப்போது வருமோ தெரியாது. சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அவர் ஸ்டூலிலேயே காத்திருந்தார். நான் வந்த முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு பதிவேட்டை மூடினார். பிள்ளைகள் வந்த கதையை எல்லாம் எழுத வேண்டாம், எழுதினால் அதற்கு ஒரு கேள்வி வரும், அதற்கு ஒரு பதில், அது முடியவே முடியாது என்று நான்தான் புத்தி சொன்னேன். ஒரு வெள்ளைத்தாள் எடுத்துக் கொடுத்து, வழக்கமாக எல்லாரும் எழுதுகிற வாக்கியத்தை நானே சொல்லச் சொல்ல அவர் எழுதினார். 'இனிவரும் காலங்களில் இவ்வாறு நிகழாவண்ணம் பார்த்துக்கொள்கிறேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கோப்பு மூடப்பட்டது. அவர் போகும்போது "வரேங்க மேடம்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வருடம் நான் ஒழுங்காகத்தான் செய்தேன். எண்ணிக்கையைப் பக்கத்தில் போட்டேன். அளவைப் பூஜ்யத்தில் தொடங்கினேன். தலைப்பை 'முன்பும் பின்பும்' என்று மாற்றினேன். பிப்ரவரியில் படம் சுவரில் விழுந்தபோது, நல்ல ஏற்றமாக ஏறியிருந்த பச்சைக் கோடுகளில் ஒன்று அந்த மலையடிவாரப் பள்ளியுடையது. ஐம்பத்து நான்கிலிருந்து எழுபத்தேழு. அதிகாரி, "பாத்தீங்களா, ஒரு லெட்டர் போட்டதும் எப்படி ஏறிருச்சு" என்று கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். அந்தத் தலைமையாசிரியையும் மெல்ல எழுந்து நின்று கும்பிட்டார்.

நான் தட்டவில்லை. கோட்டின் இரண்டு முனையிலும் நான் போட்டிருந்த எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூலையில் பதின்மூன்று பேர். பிப்ரவரியில் பதின்மூன்று பேர். தனிப் புள்ளி இல்லை.

மறுநாள் பஸ் பிடித்து அவர் பள்ளிக்குப் போனேன். பள்ளிப் பார்வை என்று டைரியில் எழுதிக்கொண்டேன், அது பொய். மதிய இடைவேளை. பிள்ளைகள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர் நாற்காலி எடுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். நான் பழைய பட்டியலை வெளியே எடுத்தேன். அந்த ஒன்பது பேரில் இரண்டு பேர் அஞ்சாப்பு முடித்துப் போய்விட்டார்கள். மீதி ஏழு பேர் எங்கே என்று கேட்டேன்.

"மே மாசம் அப்பா அம்மா வந்து பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க மேடம். பள்ளிக்கூடம் தொறந்தப்ப வரல."

"போன வருசம் மாதிரி வீடு வீடா..." என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை.

"தீவாளிக்கு ஊருக்கு வந்திருந்தாங்க. இந்த வழியாத்தான் போனாங்க. ஒரு புள்ள கேட்டுக்கிட்ட நின்னு எட்டிக்கூடப் பாத்துச்சு."

அவர் குரலில் கோபம் இல்லை. குறை சொல்லும் தொனிகூட இல்லை. நான் சொல்லிக்கொடுத்த பதிலுக்குக் கையெழுத்துப் போட்டபோது எப்படி இருந்தாரோ, அதே முகம். பிள்ளைகளை வரிசையில் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"நான் போவலைங்க மேடம்."